புலமைப்பரிசில் அறிவிப்பைக் காதால் படிப்பவருக்கு: தலைப்பு, பெயர்ச்சீட்டு, மாற்று உரை

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் நலன்புரிச் சங்கம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் அறிவிப்பைத் தன் இணையத்தளத்தில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சங்கத்தின் சின்னம். அதன் கீழே சென்ற வருடப் பரிசளிப்பில் எடுத்த படம். பிறகு யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன ஆவணங்கள் வேண்டும், முடிவுத் திகதி எது என்று நாலைந்து பகுதிகள். கடைசியில் நிரப்பி அனுப்புவதற்கு ஒரு படிவம். பார்வையுள்ள மாணவர் பக்கத்தைத் திறந்ததும் கண் தானாகவே தடித்த எழுத்துகளில் தாவும். தனக்கு வேண்டிய பகுதியைச் சில விநாடிகளில் பிடித்துவிடுவார்.

இதே பக்கத்தைப் பதுளையிலுள்ள பார்வையற்ற மாணவி ஒருவர் போனில் திறக்கிறார். அவர் பயன்படுத்துவது ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பான். அன்ட்ரொய்ட் போனில் டோக்பேக், ஐபோனில் வொய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ அல்லது விலைகொடுத்து வாங்கும் ஜோஸ் என்று இதில் பல உண்டு. இவை எதுவும் திரையில் தெரியும் தோற்றத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. உலாவி, பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீட்டிலிருந்து தனக்குள் ஒரு பட்டியல் போன்ற அமைப்பை உருவாக்குகிறது. இது தலைப்பு, இரண்டாம் நிலை; இது இணைப்பு; இது எழுதும் பெட்டி, இதன் பெயர் இன்னது என்று அதில் பதிவாகிறது. வாசிப்பான் அந்த அமைப்பைத்தான் குரலாக்குகிறது. எழுத்து எவ்வளவு பெரிது, என்ன நிறம், எது எதற்கு அருகில் இருக்கிறது என்பவற்றால் அங்கே ஒரு பொருளை இன்னதென்று சொல்ல முடியாது. ஆகவே கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் பக்கம், காதுக்கு ஒரே நீளமான பேச்சாகப் போய்ச் சேரலாம்.

தலைப்புக்கும் படிவத்துக்கும் படத்துக்கும் போகும் முன்னர், தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய ஒரு விடயத்தை முடித்துவிடலாம். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை அதன் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

```html
<html lang="ta">
```

வேர்ட்பிரஸ் போன்றவற்றில் தளத்தை முதலில் ஆங்கிலத்தில் நிறுவியிருந்தால், இந்த இடத்தில் `en-US` என்றே நின்றுவிடும். அப்போது வாசிப்பான் தமிழைப் படிக்க ஆங்கிலக் குரலை எடுத்துக்கொள்ளலாம். குரலைப் பொறுத்து அது எழுத்துகளை மௌனமாகத் தாண்டிப்போகும், அல்லது புரியாத ஒலிகளாக உளறும். தளத்தின் பொது அமைப்புகளில் மொழியைத் தமிழாக்கினால் இது சரியாகும். நம் நாட்டுப் பக்கங்களில் மூன்று மொழியும் கலந்து வரும். பக்கத்துக்கு நடுவே சிங்களப் பந்தி இருந்தால் அந்தப் பந்திக்கு மட்டும் `lang="si"` என்று குறித்தால், சிங்களக் குரல் இருக்கும் கருவியில் குரல் தானாக மாறும்.

இன்னொன்று பாமினி. இலங்கையில் இன்றும் பல அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அதில் அம்மா என்று தெரிவது உள்ளுக்குள் `mk;kh` என்ற ஆங்கில எழுத்துகள். வாசிப்பானுக்குக் கிடைப்பதும் அதுவே. அறிவிப்பைப் பிடிஎஃப் கோப்பாக யாராவது அனுப்பினால், அதில் ஒரு வரியைப் பிரதியெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் யூனிகோட். அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக விழுந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றாமல் தளத்தில் ஏற்றுவதில் பயனில்லை. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். வாசிப்பானுக்கு அதில் எழுத்தே இல்லை.

இனித் தலைப்புகள். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர் ஒரு பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அவரும் தாவித்தான் படிக்கிறார். என்விடிஏயில் `H` விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகும். `2` தட்டினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்பு. `Shift` சேர்த்தால் பின்னோக்கி. இன்சர்ட் விசையோடு `F7` அழுத்தினால் பக்கத்தின் தலைப்புகளை ஒரே பட்டியலாகப் பார்க்கலாம். டோக்பேக்கில் வாசிப்புக் கட்டுப்பாட்டைத் தலைப்புகள் என்று மாற்றிவிட்டு, விரலைக் கீழே இழுத்தால் ஒவ்வொரு தலைப்பாக நகரும். ஆனால் இந்தத் தாவல் எல்லாம், தலைப்பு தலைப்பாகவே குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே நடக்கும்.

நம் அறிவிப்பைத் தட்டச்சு செய்தவர், ஒரு வரியைத் தெரிவுசெய்து தடித்த எழுத்தாக்கி, அளவைக் கூட்டி விட்டிருப்பார். அதன் குறியீடு இப்படி இருக்கும்:

```html
<p><b style="font-size:24px">யார் விண்ணப்பிக்கலாம்</b></p>
```

பார்க்க அழகான தலைப்பு. வாசிப்பானுக்கு இது சாதாரணப் பந்தி. மாணவி `H` தட்டினால் இந்தப் பக்கத்தில் தலைப்பே இல்லை என்ற பதில்தான் வரும். அதன்பின் அவருக்கு மிஞ்சுவது வரிவரியாகக் கேட்பது, அல்லது விட்டுவிட்டுப் போவது. திருத்தம் மிகச் சிறியது:

```html
<h2>யார் விண்ணப்பிக்கலாம்</h2>
```

வேர்ட்பிரஸில் பந்தியைத் தலைப்புப் பகுதியாக மாற்றி `H2` என்று தெரிவுசெய்தால் இதே குறியீடு தானாக வரும். அளவு பிடிக்கவில்லை என்றால் அலங்காரத்தில் மாற்றிக்கொள்ளலாம். எழுத்து சிறிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக `h4` போடக் கூடாது, ஏனென்றால் நிலை என்பது அளவைச் சொல்வதில்லை, எதற்குள் எது அடங்குகிறது என்பதைச் சொல்கிறது. நம் பக்கத்தில் அறிவிப்பின் பெயர் `h1`. தகுதி, ஆவணங்கள், முடிவுத் திகதி, படிவம் ஆகியவை `h2`. படிவத்துக்குள் வரும் மாணவர் விபரமும் பெற்றோர் விபரமும் `h3`. ஓர் `h2`வுக்கு அடுத்து திடீரென்று `h4` வந்தால், நடுவே ஏதோ ஒன்றைத் தவறவிட்டோமோ என்று கேட்பவர் திரும்பிப் போய்த் தேடுவார்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தொலைபேசி இலக்கம் பளிச்சென்று தெரியட்டும் என்று அதை `h3` ஆக்குவது, ‘அனைவரும் வருக’ என்ற வரியை `h2` ஆக்குவது. தலைப்புப் பட்டியலில் இவையெல்லாம் வந்து நின்று, வேண்டியதை மறைக்கும்.

தலைப்பின் வாசகத்தைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று இருக்கிறது. காதால் தாவுகிறவர் தலைப்பின் முதல் ஓரிரு சொல்லைக் கேட்டதும் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்து அடுத்ததற்குப் போகிறார். நம் அறிவித்தல் நடையில் முக்கியமான சொல் கடைசியில் வரும். ‘க.பொ.த. உயர்தர மாணவர்களுக்கான புலமைப்பரிசில் விண்ணப்பங்கள் ஏற்றுக்கொள்ளப்படும் இறுதித் திகதி’ என்று எழுதினால், திகதி என்ற சொல்லைக் கேட்க முழு வரியும் ஓட வேண்டும். அதற்கு மேலுள்ள தலைப்பும் ‘க.பொ.த. உயர்தர மாணவர்களுக்கான’ என்றே தொடங்கினால் இரண்டையும் பிரித்தறியவே முடியாது. ‘இறுதித் திகதி’ என்று மட்டும் எழுதுங்கள். எந்தப் புலமைப்பரிசில் என்பதை `h1` ஏற்கெனவே சொல்லிவிட்டது. ‘விபரங்கள்’ என்ற ஒரே சொல்லை மூன்று இடத்தில் தலைப்பாக வைப்பதும் இதே காரணத்தால் உதவாது.

பக்கத்தைப் படிப்பதில் தடங்கல் வந்தால் நேரம் போகும், அவ்வளவுதான். படிவத்தில் தடங்கல் வந்தால் விண்ணப்பமே போகாது. அதனால் மூன்றில் எனக்கு மிக முக்கியமானது பெயர்ச்சீட்டு, அதாவது `label`. ஒவ்வொரு பெட்டிக்கும் இது இன்ன பெட்டி என்று சொல்லும் பெயர் அது.

கணினியில் படிவத்தை நிரப்பும்போது வாசிப்பான் வேறொரு நிலைக்கு மாறுகிறது. படிக்கும் நிலையில் `H` தட்டினால் தலைப்புக்குப் போகும் என்றேன். பெட்டிக்குள் இருக்கும்போது `H` தட்டினால் அந்த எழுத்துதான் பெட்டியில் விழ வேண்டும். ஆகவே படிக்கும் விசைகள் விலகிக்கொள்கின்றன. பயனர் `Tab` விசையால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகிறார். நடுவே கிடக்கும் சாதாரண எழுத்துகளை `Tab` தொடுவதில்லை. பெட்டியின் இடப்பக்கத்தில் ‘பெயர்’ என்று எழுதியிருந்தாலும், அது பெட்டியோடு குறியீட்டில் இணைக்கப்படாவிட்டால் அவருக்குக் கேட்பது ‘எழுதும் பெட்டி, காலி’ என்பதுதான். அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும் காலி. எதில் பெயர், எதில் சுட்டெண் என்று தெரியாது.

நம் படிவத்தில் பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம் கேட்கும் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்த புதிய அட்டையில் 12 இலக்கம். எதை எழுதுவது என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும் என்பதால் ஒரு குறிப்பும் தேவை.

```html
<label for="nic">பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம்</label>
<input id="nic" name="nic" type="text"
       required aria-describedby="nic-help">
<p id="nic-help">பழைய அட்டை: 9 இலக்கமும் ஓர் எழுத்தும்.
புதிய அட்டை: 12 இலக்கம்.</p>
```

`for` என்பதில் உள்ள பெயரும் பெட்டியின் `id`யும் ஒன்றாக இருப்பதுதான் இணைப்பு. இதே பக்கத்தில் வேறொரு பெட்டிக்கும் அதே `id` இருந்தால் இணைப்பு முதல் பெட்டிக்கே போகும்; பெட்டியைப் பிரதியெடுத்து ஒட்டும்போது அடிக்கடி நடக்கும் பிழை இது. `aria-describedby` கீழேயுள்ள குறிப்பைப் பெட்டியோடு கட்டுகிறது. மாணவி `Tab` தட்டி இங்கே வந்ததும் பெயர், எழுதும் பெட்டி, கட்டாயம், பிறகு குறிப்பு என்று ஒரே மூச்சில் கேட்கும். இது இல்லாவிட்டால் குறிப்பு இருப்பதே அவருக்குத் தெரியாது. பிழையான வடிவத்தில் எழுதி அனுப்பி, ஏன் போகவில்லை என்று புரியாமல் நிற்பார். கட்டாயம் என்பதைச் சிவப்பு நட்சத்திரத்தால் மட்டும் காட்டாமல் `required` போடுவதும் இதற்காகத்தான்.

பெயர் சரியாக இணைந்திருக்கிறதா என்று அறிய வாசிப்பான்கூட வேண்டாம். பெட்டிக்கு வெளியே இருக்கும் பெயரின் மேல் மவுஸால் சொடுக்குங்கள். கர்சர் பெட்டிக்குள் வந்து துடித்தால் இணைந்திருக்கிறது. ஒன்றும் நடக்காவிட்டால் இணையவில்லை.

பெட்டிக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் ‘உங்கள் பெயர்’ என்று காட்டிவிட்டு, வெளியே பெயர்ச்சீட்டு வைக்காமல் விடுவது இப்போது பரவலாக இருக்கிறது. இதற்கு `placeholder` என்று பெயர். பல வாசிப்பான்கள் இதைப் படித்துவிடும் என்பதால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் எழுதத் தொடங்கியதும் அது திரையிலிருந்து மறைந்துவிடும். திரையைப் பெரிதாக்கிப் படிக்கும் குறைந்த பார்வையுள்ளவர், பாதியில் நிறுத்தி மறுபடி வந்து பார்க்கும்போது எந்தப் பெட்டியில் எதை எழுதினோம் என்று தெரியாமல் தடுமாறுவார். மங்கலான சாம்பல் எழுத்து அவருக்கு முதலிலேயே சரியாகத் தெரிந்திருக்காது. அது மாதிரி காட்டும் இடம்; பெயருக்குப் பதிலாக வைக்கும் இடமில்லை.

ஆம், இல்லை என்று தெரிவுசெய்யும் கேள்விகளுக்கு இன்னும் ஒரு படி வேண்டும். இரண்டு வட்டங்களுக்கும் பெயர் சரியாக இருந்தாலும், `Tab` தட்டி வருகிறவருக்கு ‘ஆம்’ என்று மட்டும் கேட்கும். எந்தக் கேள்விக்கு ஆம்? கேள்வியையும் விடைகளையும் ஒரே கூட்டுக்குள் வைத்தால்தான் கேள்வி சேர்ந்து ஒலிக்கும்.

```html
<fieldset>
  <legend>பெற்றோரில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்கிறாரா?</legend>
  <label><input type="radio" name="estate" value="yes"> ஆம்</label>
  <label><input type="radio" name="estate" value="no"> இல்லை</label>
</fieldset>
```

அனுப்பிய பிறகு பிழை இருந்தால், பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போடுவதோடு பல தளங்கள் நின்றுவிடுகின்றன. காதுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை. ‘அடையாள அட்டை இலக்கத்தில் 11 இலக்கங்களே உள்ளன, 12 வேண்டும்’ என்று எழுத்தில் சொல்லி, அதையும் `aria-describedby` மூலம் பெட்டியோடு இணைத்து, பிழையான முதல் பெட்டிக்கே கர்சரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

படங்களுக்கு வருவோம். படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் எழுத்தைக் குறியீட்டில் `alt` என்ற இடத்தில் கொடுக்கிறோம். அதைக் கொடுக்காமலே விட்டால் சில வாசிப்பான்கள் கோப்பின் பெயரைப் படிக்கத் தொடங்கும், குறிப்பாகப் படம் ஓர் இணைப்பாகவும் இருந்தால். நம்மூரில் படங்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்து அப்படியே தளத்தில் ஏறுகின்றன. ஆகவே கேட்பது `IMG-20240312-WA0007.jpg` என்பது போன்ற ஒன்று, எழுத்தெழுத்தாக, எண் எண்ணாக.

மாற்று உரையில் என்ன எழுதுவது என்பதற்கு ஒரே விடை கிடையாது. படம் அந்தப் பக்கத்தில் எதற்காக இருக்கிறது என்பதுதான் கேள்வி. மேலேயுள்ள சின்னத்தைத் தட்டினால் முகப்புக்குப் போகும் என்றால் ‘பச்சை வட்டத்துக்குள் இரண்டு இலை ஒரு மொட்டு’ என்ற வர்ணனை மாணவிக்கு உதவாது. சங்கத்தின் பெயரையும் முகப்பு என்ற சொல்லையும் எழுதினால் போதும். பகிர்வதற்கான வாட்ஸ்அப் சின்னத்துக்கு ‘வாட்ஸ்அப்பில் பகிர’. பகுதிகளைப் பிரிக்கும் தேயிலைக் கொடி அலங்காரத்துக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் `alt` என்பதையே விட்டுவிடக் கூடாது. `alt=""` என்று காலியாக எழுத வேண்டும். காலியாக இருந்தால் வாசிப்பான் படத்தைப் பேசாமல் தாண்டிவிடும்.

பரிசளிப்புப் படம்தான் யோசிக்க வைப்பது. மேடையில் சில மாணவர்கள் சான்றிதழோடு நிற்கிறார்கள், பின்னால் மலைச்சரிவில் தேயிலை. ‘மாணவர்கள்’ என்று மட்டும் எழுதினால் குறைவு. சேலையின் நிறம், மேசையின் பூச்சாடி வரை எழுதினால் மிகை, ஏனென்றால் அறிவிப்பைப் படிக்க வந்தவர் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த அறிவிப்பில் அந்தப் படம் சொல்ல வருவது, எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இது முன்னரும் கிடைத்திருக்கிறது என்பதை. அப்படியானால்:

```html
<img src="parisalippu.jpg"
 alt="சென்ற வருடம் புலமைப்பரிசில் பெற்ற ஆறு மாணவர்கள் தோட்ட வாசகசாலை மேடையில் சான்றிதழ்களோடு நிற்கிறார்கள்">
```

இதே படம் வாசகசாலையின் வரலாற்றைச் சொல்லும் பக்கத்தில் வந்தால், மேடையும் கட்டிடமும் முன்னுக்கு வந்து மாணவர்கள் பின்னுக்குப் போவார்கள். இரண்டுமே சரி. படத்துக்குக் கீழே பெயர்களோடு விளக்கக் குறிப்பு இருந்தால் அதையே மாற்று உரையில் மறுபடி எழுதக் கூடாது, இரண்டு தடவை கேட்கும். ‘படம்’ என்று தொடங்கவும் தேவையில்லை. இது படம் என்பதை வாசிப்பானே சொல்லும்.

கடினமான படம், அறிவிப்பு முழுவதையும் அடக்கிய சுவரொட்டி. சங்கங்களும் பாடசாலைகளும் அறிவிப்பைச் சுவரொட்டியாக வடிவமைத்து, அந்த ஒரே படத்தைப் பக்கத்தில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது இங்கே வழக்கம். இருநூறு சொல்லை மாற்று உரைக்குள் திணித்தால் அதற்குள் தலைப்பு கிடையாது, தாவ முடியாது, திகதியை மட்டும் மறுபடி கேட்க முடியாது, தொலைபேசி இலக்கத்தைத் தட்டி அழைக்கவும் முடியாது. இங்கே மாற்று உரை தீர்வில்லை. சுவரொட்டியிலுள்ள அனைத்தையும் பக்கத்தில் எழுத்தாகத் தலைப்புகளோடு கொடுத்துவிட்டு, படத்துக்கு ‘புலமைப்பரிசில் சுவரொட்டி, முழு விபரமும் கீழே உள்ளது’ என்று ஒரு வரி போதும். பள்ளத்திலுள்ள லயங்களில் சிக்னல் இழுத்து இழுத்து வரும்போது படம் இறங்காமல் நின்றுவிட்டாலும் அந்த எழுத்து எல்லாருக்கும் வந்து சேரும்.

வேர்ட்பிரஸில் ஒரு பொறி இருக்கிறது. படக் களஞ்சியத்துக்குப் போய் மாற்று உரையைத் திருத்தினால், ஏற்கெனவே பதிவுகளில் செருகிய படங்களில் அது மாறாது. செருகிய நேரத்தில் இருந்த உரையே அந்தப் பதிவில் தங்கிவிடும். அந்தப் பக்கத்தைத் திறந்து அங்கேயுள்ள படத்தில்தான் திருத்த வேண்டும்.

இவற்றையெல்லாம் சோதிக்கத் தானியங்கிக் கருவிகள் உண்டு. குரோம் உலாவியோடு வரும் லைட்ஹவுஸ், இலவசமான வேவ் இரண்டும் பெயரில்லாத பெட்டியையும் `alt` இல்லாத படத்தையும் உடனே காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் அவற்றை நம்ப முடியாது. எல்லாப் படத்துக்கும் `alt="படம்"` என்று எழுதினாலும், ஐந்து தலைப்புக்கும் ‘விபரங்கள்’ என்று பெயர் வைத்தாலும் அவை குறை சொல்லாமல் விட்டுவிடலாம். தடித்த எழுத்தில் மறைந்திருக்கும் போலித் தலைப்பையும் ஒவ்வொரு முறையும் பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது.

ஆகவே காதால் சோதிக்க வேண்டும். என்விடிஏயை நிறுவினால் கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் பேசும். உச்சரிப்பு இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் சோதனைக்குத் தாராளம். கணினித் திரையின் வெளிச்சத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் இரண்டு வேலை செய்து பாருங்கள்: முடிவுத் திகதியைக் கண்டுபிடிப்பது, படிவத்தை ஒரு பிழையோடு அனுப்பி அந்தப் பிழையைத் திருத்துவது. எங்கே கை தானாகத் திரை வெளிச்சத்தைக் கூட்டப் போகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு முதலில் திருத்துங்கள். அதன் பிறகு, அன்றாடம் வாசிப்பானோடு வாழும் ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். அவர் குரலின் வேகத்தை நாம் சொற்களைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கூட்டி வைத்திருப்பார். அந்த வேகத்தில் எந்தத் தலைப்பு காதில் நிற்கிறது, எது நழுவுகிறது என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.